1 கோடி வெக்டரை 4 ஜிபி மெமரியில் அடக்கினேன். ஒரு வகைக் கேள்விக்கு மட்டும் பதில் கெட்டுப்போகிறது, ஏன்?

வைகைக்கரையான் · திங்கள், இரவு 9:40

வணக்கம். தமிழ்ப் பத்திகளில் பொருள் சார்ந்து தேடும் ஒரு வசதியைச் செய்துகொண்டிருக்கிறேன். மொத்தம் 1 கோடி பத்திகள். 60 லட்சம் நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்து, 32 லட்சம் செய்திகளிலிருந்து, மீதி 8 லட்சம் விவசாயக் கேள்வி-பதில்கள். ஒவ்வொரு பத்திக்கும் 768 எண்கள் கொண்ட ஒரு எம்பெட்டிங், நீளம் 1 ஆக நார்மலைஸ் செய்தது.

அப்படியே வைத்தால் ஒரு வெக்டருக்கு 3,072 பைட். 1 கோடிக்கு 30 ஜிபி தாண்டுகிறது. என்னிடம் இருப்பது மாத வாடகைக்கு எடுத்த 4 ஜிபி சர்வர். அதனால் ஃபைஸ் நூலகத்தில் ப்ராடக்ட் குவான்டைசேஷன் போட்டேன்:

```python
index = faiss.index_factory(768, "IVF16384,PQ96")
index.train(x[:300000])
for i in range(0, len(x), 100000):
    index.add(x[i:i+100000])
```

ஃபைல் 1.1 ஜிபிதான் வந்தது. அதைப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் இப்போது மூன்று தொல்லைகள்.

தீர்ப்புகளில் தேடினால் நன்றாக வருகிறது. "தென்னையில் வெள்ளை ஈ" என்று கேட்டால் மட்டும் பருத்தி, நெல், கடன் தள்ளுபடி என்று ஏதேதோ வருகிறது. முழு வெக்டரை வைத்துத் தேடினால் சரியான பதில் வருகிறது, ஆகவே எம்பெட்டிங் மாடல்மேல் குற்றமில்லை. அடுத்தது, தீர்ப்புத் தேடல் 8 மில்லிசெகண்டில் முடிகிறது. விவசாயத் தேடல் சில நேரம் 120 மில்லிசெகண்ட் எடுக்கிறது. கடைசியாக, 1.1 ஜிபி ஃபைலை ஏற்றிய ப்ராசஸ் 2.7 ஜிபி பிடிக்கிறது. இரண்டு வொர்க்கர் ஓடவிட்டதும் சர்வர் ஒன்றைக் கொன்றுவிடுகிறது.

மூன்றுக்கும் தொடர்பு உண்டா, தனித்தனியா என்றே தெரியவில்லை.

---

நாகூர்_நைனா · திங்கள், இரவு 10:05

`nprobe` என்ன வைத்திருக்கிறீர்கள்? 16,384 பட்டியல்களில் எத்தனையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்வது அதுதான். சொல்லாமல் விட்டால் 1 தான். அதை ஏற்றினால் பதில் சரியாகிவிடும், நான் பார்த்தவரை ரீகால் பிரச்சினை எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.

---

வைகைக்கரையான் · திங்கள், இரவு 10:12

32 வைத்திருக்கிறேன் பாய். 128 வரை ஏற்றியும் பார்த்தேன். விவசாயம் கொஞ்சம் தேறியது, பெரிய மாற்றமில்லை.

---

செந்தில்_சேலம் · திங்கள், இரவு 10:30

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? `np.savez_compressed` என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் ஆபீஸில் பெரிய டேபிளை எல்லாம் அப்படித்தான் சுருக்கி வைக்கிறோம். ஒரு எண் கூட மாறாது. தரவு கெடாமல் சுருக்க வழி இருக்கும்போது, கெடுத்துச் சுருக்குவது எதற்கு?

---

பாலாறு · திங்கள், இரவு 11:20

செந்தில் சார், உங்கள் டேபிளில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வரும், அதனால் நன்றாகச் சுருங்கும். எம்பெட்டிங் எண்களில் தசமத்துக்குப் பின்னால் வரும் பிட்டுகள் கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கியதுபோல இருக்கும், அவற்றில் பிடித்துச் சுருக்க ஒன்றுமில்லை. சொற்பம்தான் குறையும். தேடும்போது மறுபடி விரிக்கவும் வேண்டும், விரித்தால் அதே 30 ஜிபி. வைகைக்கரையானுக்கு வேண்டியது சுருக்கிய நிலையிலேயே தேட முடிகிற ஒன்று.

அது எப்படி முடிகிறது என்பதை அவருடைய எண்களை வைத்தே சொல்கிறேன், பிறகு கோளாறைத் தேடலாம்.

768 எண்களை 96 துண்டாக வெட்டுகிறோம், துண்டுக்கு 8 எண். ஒவ்வொரு துண்டு இடத்துக்கும் தனியாக 256 மாதிரித் துண்டுகள் கொண்ட ஒரு கோட்புக் உண்டு. ஒரு பத்தியின் முதல் துண்டுக்கு மிக அருகில் இருக்கும் மாதிரி 41ஆம் எண் என்றால், அந்த 8 எண்களையும் எறிந்துவிட்டு 41 என்று மட்டும் எழுதி வைக்கிறோம். 256 மாதிரிகளுக்கு ஒரு பைட் போதும். 96 துண்டுக்கு 96 பைட். 3,072 பைட் 96 ஆனது, 32ல் ஒரு பங்கு.

வெட்டாமல் முழு வெக்டருக்கே மாதிரி வைத்தால் என்ன என்று கேட்கலாம். வெறும் 64 பிட் குறியீடு வேண்டுமென்றாலே 2-இன் 64ஆம் அடுக்கு அளவுக்கு மாதிரிகள் வேண்டும். அத்தனையைக் கற்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. 8 துண்டாக வெட்டித் துண்டுக்கு 256 வைத்தால், அவற்றைச் சேர்த்துச் சேர்த்து அதே அளவு வேறுபட்ட வெக்டர்களைக் காட்டலாம். கையில் வைத்திருப்பது 8 முறை 256 குட்டி மாதிரிகள் மட்டும். ஹெர்வே ஜெகூ, மத்தீஸ் டூஸ், கோர்டேலியா ஷ்மிட் மூவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். பெயரில் ப்ராடக்ட் என்று வருவது இந்தப் பெருக்கலால்தான். உங்கள் 96 துண்டுகளுக்கும் சேர்த்து எல்லாக் கோட்புக்கும் 1 எம்பிக்குள் அடங்கிவிடும்.

தேடும்போது கேள்வியின் வெக்டரைச் சுருக்குவதில்லை. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் 256 மாதிரிகளுக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே கணக்கிட்டு ஒரு அட்டவணை போட்டுக்கொள்கிறோம். பிறகு ஒரு பத்தியின் தூரம் என்பது அட்டவணையில் 96 இடங்களைப் பார்த்துக் கூட்டுவது, அவ்வளவுதான். 1 கோடி பத்தியையும் அப்படிக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் முன்னால் 16,384 பட்டியலாகப் பிரித்திருக்கிறீர்கள். சராசரியாகப் பட்டியலுக்கு 610 பத்தி. 32 பட்டியல் திறந்தால் 19,500 பத்தியை மட்டும் பார்த்தால் போதும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பட்டியலுக்குள் வைக்கப்படுவது பத்தியின் வெக்டர் அல்ல. பத்தியிலிருந்து அந்தப் பட்டியலின் மையத்தைக் கழித்தால் வரும் மிச்சம்தான் 96 பைட்டாக எழுதப்படுகிறது. மிச்சம் சிறியதாக இருந்தால் 256 மாதிரி தாராளம். பெரியதாக இருந்தால் திணறும்.

இப்போது உங்களிடம் இரண்டு கேள்வி. `x` எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது? `train` ஓடும்போது எச்சரிக்கை ஏதும் வந்ததா?

---

வைகைக்கரையான் · செவ்வாய், காலை 6:50

எச்சரிக்கை வந்தது. லாகில் இருக்கிறது, அப்போது பொருட்படுத்தவில்லை:

```
WARNING clustering 300000 points to 16384 centroids: please provide at least 638976 training points
```

வரிசை... முதலில் தீர்ப்புகள், பிறகு செய்தி, கடைசியில் விவசாயம். அப்படியென்றால் முதல் 3 லட்சமும் தீர்ப்புகள் மட்டும்தான்.

---

பாலாறு · செவ்வாய், காலை 7:15

அதேதான். ஒரு மையத்துக்குக் குறைந்தது 39 பயிற்சி வெக்டராவது வேண்டும் என்பது ஃபைஸின் கணக்கு, 16,384ஐ 39ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். எண்ணிக்கை குறைந்தது சின்னக் குறை. பெரிய குறை, 16,384 மையங்களும் தீர்ப்புகளின் உலகத்துக்குள் மட்டும் நெருக்கமாக நின்றுவிட்டது. விவசாயப் பத்திகளுக்கு அருகில் மையமே இல்லை. எல்லாம் ஓரத்தில் நிற்கும் நாலைந்து மையங்களில் போய் மொத்தமாக விழுந்திருக்கும். அந்தப் பட்டியல்கள் வீங்கியிருக்கும். 120 மில்லிசெகண்ட் அங்கேதான் போகிறது. மையம் தொலைவில் இருப்பதால் மிச்சமும் பெரிது, அந்த மிச்சத்துக்கான கோட்புக்கும் தீர்ப்புகளின் சின்ன மிச்சங்களைப் பார்த்துக் கற்றது. ஆக, முதல் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்று என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, அளந்து பாருங்கள்.

```python
ivf = faiss.extract_index_ivf(index)
sizes = [ivf.invlists.list_size(i) for i in range(ivf.nlist)]
print(max(sizes), ivf.invlists.imbalance_factor())

def err(v):
    y = index.sa_decode(index.sa_encode(v))
    return ((v - y) ** 2).sum(1).mean()
```

எல்லாப் பட்டியலும் ஒரே அளவென்றால் `imbalance_factor` 1 வரும், ஏற ஏற வீக்கம். `err` என்பது சுருக்கி விரித்த பிறகு எவ்வளவு தொலைந்தது என்பது. உங்கள் வெக்டரின் நீளம் 1 என்பதால், 0.2 வந்தால் ஐந்தில் ஒரு பங்கு தொலைந்தது என்று அப்படியே படித்துக்கொள்ளலாம். மூன்று வகையிலிருந்தும் 5,000 வெக்டரைத் தனித்தனியாகக் கொடுங்கள், பயிற்சியில் பயன்படுத்தாதவையாக இருக்கட்டும்.

நைனா சொன்னதையும் சோதிக்கலாம். வகைக்கு 100 உண்மைக் கேள்விகளை எடுத்து, முழு வெக்டரில் நேரடியாகத் தேடி முதல் 10ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் 1 லட்சம் வெக்டராகப் படித்துப் பெருக்கினால் லேப்டாப்பிலேயே முடிந்துவிடும். அந்தப் பத்தில் எத்தனை உங்கள் இன்டெக்ஸிலிருந்தும் வருகின்றன என்று முதலில் `nprobe` 32 வைத்துப் பாருங்கள், பிறகு 16384 வைத்துப் பாருங்கள். எல்லாப் பட்டியலையும் திறந்தும் ஏறவில்லை என்றால் இழப்பு குறியீட்டில்தான். ஏறினால் இழப்பு பட்டியல் தேர்வில்.

கேள்விக்குப் பதிலாகச் சேமித்த பத்தியையே கொடுத்துச் சோதிக்காதீர்கள். அது தன்னைத்தானே கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் கூட்டிக் காட்டும்.

---

தறி_தேன்மொழி · செவ்வாய், காலை 10:30

எனக்கு இதே மாதிரி ஒன்று நடந்தது, ஆனால் காரணம் வேறு. சேலைப் படங்களில் "இதேபோல் இன்னொன்று" தேடும் வேலை. 20 லட்சம் படம், படத்துக்கு 512 எண்கள். பி.க்யூ. 32 பைட்டில் போட்டபோது, ஒரே பார்டரில் நிறம் மட்டும் மாறும் சேலைகள் எல்லாம் ஒரே தூரத்தைக் காட்டின. அரக்கு கேட்டால் முதலில் பச்சை வந்து நிற்கும். குறியீடுகளை எடுத்துப் பார்த்தால் பல சேலைகளுக்கு 32 பைட்டும் அச்சு அசலாக ஒன்றே. சுருக்கும்போதே அவற்றின் வேறுபாடு போய்விட்டது, அப்புறம் எத்தனை பட்டியல் திறந்தாலும் பிரிக்க முடியாது.

நான் கடைசியில் பி.க்யூ.வை விட்டுவிட்டு ஒவ்வொரு எண்ணையும் 8 பிட்டாக மட்டும் குறைத்தேன். படத்துக்கு 512 பைட், மொத்தம் 1 ஜிபி. தரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. வைகைக்கரையான் அதையே செய்யலாமே?

---

வைகைக்கரையான் · செவ்வாய், காலை 10:48

எனக்கு அது 768 பைட் அக்கா, 1 கோடிக்கு 7.7 ஜிபி. இடம் போதாது.

---

தறி_தேன்மொழி · செவ்வாய், காலை 11:02

முதலில் பி.சி.ஏ. வைத்து 192 எண்ணாகக் குறைத்து, பிறகு 8 பிட் போட்டால் 1.9 ஜிபி. பயிற்சித் தரவு சரியில்லை என்றாலும் இதில் அடி இவ்வளவு பலமாக விழாது என்று தோன்றுகிறது.

---

பாலாறு · செவ்வாய், பிற்பகல் 1:40

தேன்மொழி, பி.சி.ஏ.வும் பயிற்சித் தரவிலிருந்து கற்பதுதான். தீர்ப்புகளை மட்டும் காட்டினால் தீர்ப்புகளுக்கு முக்கியமான திசைகளைத்தான் அதுவும் வைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் சேலை விஷயம் முக்கியமானது, அதற்குத் திரும்ப வருகிறேன். ஒரே பைட் செலவில் எது மேல் என்பது தரவைப் பொறுத்தது. 96 பைட்டில் பி.க்யூ.தான் நல்லது என்பேன், 192ல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

---

வைகைக்கரையான் · செவ்வாய், இரவு 9:15

அளந்துவிட்டேன். மிகப் பெரிய பட்டியலில் 71,300 பத்திகள். சராசரி 610 இருக்க வேண்டிய இடத்தில்! `imbalance_factor` 8.6.

`err`: தீர்ப்பு 0.12, செய்தி 0.19, விவசாயம் 0.38.

பத்துக்கு எத்தனை: தீர்ப்பு 8, விவசாயம் 3. எல்லாப் பட்டியலையும் திறந்தால் விவசாயம் 4 ஆனது, அதற்கு மேல் ஏறவே இல்லை.

---

நாகூர்_நைனா · செவ்வாய், இரவு 9:30

சரி, என் யோசனையால் கிடைத்தது பத்தில் ஒன்றுதான். மீதி ஆறு குறியீட்டிலேயே தொலைந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் `"IVF16384,PQ96,RFlat"` போடுங்கள். பி.க்யூ. வைத்துச் சில நூறு பத்திகளைப் பிடித்து, அவற்றை மட்டும் அசல் வெக்டரோடு மறுபடி ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். தேன்மொழியின் அரக்கு-பச்சைக் குழப்பமும் அதில் தீரும்.

---

பாலாறு · செவ்வாய், இரவு 10:10

யோசனை சரி, ஆனால் அந்த `RFlat` அசல் வெக்டர்கள் அத்தனையையும் மெமரியில் வைத்திருக்கும். அந்த 30 ஜிபியைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்.

அசலை டிஸ்கில் 16 பிட்டாக வைத்துக்கொள்ளுங்கள், 15.4 ஜிபி. ஒரு கேள்விக்கு 200 பத்தியின் அசலை மட்டும் அங்கிருந்து படிக்கலாம். பத்திக்கு 1,536 பைட்தான், எஸ்.எஸ்.டி. டிஸ்க் என்றால் தாங்கும்.

```python
raw = np.memmap("vec.f16", dtype="float16", mode="r",
                shape=(10_000_000, 768))
D, I = index.search(q, 200)
ids = np.sort(I[0][I[0] >= 0])
score = raw[ids].astype("float32") @ q[0]
best = ids[np.argsort(-score)[:10]]
```

பி.க்யூ.வின் வேலை சரியான பத்தை முதல் பத்து இடத்தில் வைப்பதல்ல என்று ஆகிவிடுகிறது. முதல் 200க்குள் எங்காவது வைத்தால் போதும். தேன்மொழியின் சேலைகள் ஒரே குறியீட்டில் இருந்தாலும் எல்லாம் 200க்குள் வந்துவிடும், நிறத்தை அசல் வெக்டர் பிரித்துக்கொள்ளும். ஒரே குறியீட்டில் 200க்கு மேல் இருந்தால்தான் சிக்கல்.

அதற்கு முன் மறுபயிற்சி கட்டாயம். 0.38 தொலைத்த குறியீடு சரியான பத்தியை 200க்குள்ளும் கொண்டுவராமல் போகலாம். 1 கோடியிலிருந்தும் குலுக்கி 10 லட்சம் எடுங்கள். அதுவே 3 ஜிபி ஆகும், சர்வரில் வேண்டாம், லேப்டாப்பில் பயிற்சி செய்து ஃபைலை மட்டும் ஏற்றுங்கள். கூடவே முன்னால் `OPQ96` சேருங்கள். எம்பெட்டிங்கில் சில இடங்களில் மட்டும் எண்கள் மிகப் பெரிதாக ஏறி இறங்கும், மற்றவை அடங்கியிருக்கும். நேராக வெட்டினால் ஒரு துண்டில் தகவல் குவிந்து 256 மாதிரி போதாமல் திணறும், பக்கத்துத் துண்டில் அதே 256 வீணாகும். வெட்டுவதற்கு முன் வெக்டரைச் சுழற்றி அந்தச் சுமையைச் சமமாகப் பங்கிடுவதுதான் ஓ.பி.க்யூ. கைமிங் ஹே உள்ளிட்ட நால்வர் 2013இல் எழுதியது. கூடுதல் செலவு ஒரு 768-க்கு-768 அணி, 2.4 எம்பி.

---

வைகைக்கரையான் · செவ்வாய், இரவு 10:25

மூன்றாவது தொல்லை? 1.1 ஜிபி ஃபைல் 2.7 ஜிபி ஆவது?

---

பாலாறு · செவ்வாய், இரவு 11:05

அது தனிக் கதை, பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் 1.1 ஜிபியில் என்ன இருக்கிறது என்று முதலில் கூட்டிப்பாருங்கள். குறியீடு 96 கோடி பைட். பத்தியின் அடையாள எண் ஒவ்வொன்றும் 8 பைட், ஆக 8 கோடி. 16,384 மையங்கள் 5 கோடி. மொத்தம் 109 கோடி பைட், ஃபைல் கணக்கு சரி.

தொலைவு அளக்க எதையும் சொல்லாததால் யூக்ளிடிய தூரம் வந்திருக்கிறது. பட்டியல் மாறும்போது மையம் மாறுகிறது, எனவே நான் முன்னால் சொன்ன 96 முறை 256 அட்டவணையை ஒவ்வொரு பட்டியலுக்கும் புதிதாகப் போட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பகுதி கேள்வியைச் சாராதது: மையமும் மாதிரியும் மட்டும் சம்பந்தப்பட்டது. அதை எல்லாப் பட்டியலுக்கும் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்கிறது ஃபைஸ். 16,384 பட்டியல், 96 துண்டு, 256 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட்: 161 கோடி பைட். டிஸ்கில் எழுதுவதில்லை, ஏற்றும்போது போடுகிறது. 1.1ஓடு 1.6ஐக் கூட்டுங்கள், உங்கள் 2.7 வந்துவிடும். அட்டவணை 2 ஜிபியைத் தாண்டினால் தானே போடாமல் விட்டுவிடும், உங்களுடையது அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே வந்து மாட்டிக்கொண்டது.

ஏற்றும்போது வேண்டாம் என்று சொல்லலாம்:

```python
index = faiss.read_index("x.index", faiss.IO_FLAG_SKIP_PRECOMPUTE_TABLE)
```

ஆனால் பிறகு ஒவ்வொரு பட்டியலுக்கும் அட்டவணையை முழுதாகக் கணக்கிட நேரும். 256ஐ 768ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2 லட்சம் பெருக்கல், 32 பட்டியலுக்கு 63 லட்சம். அந்தப் பட்டியல்களில் இருக்கும் 19,500 பத்திகளைப் பார்க்கவே 19 லட்சம் கூட்டல்தான். சமைப்பதைவிடப் பாத்திரம் கழுவும் நேரம் அதிகம்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. வெக்டர்கள் நார்மலைஸ் ஆனவை, அதனால் யூக்ளிடிய தூரத்துக்குப் பதில் உள்பெருக்கத்தைப் பயன்படுத்தினாலும் அசலில் வரிசை மாறாது. உள்பெருக்கத்தில் கேள்வியை மையத்தோடு ஒரு முறை, மிச்சத்தோடு ஒரு முறை பெருக்கிக் கூட்டினால் போதும். மிச்சத்துக்கான அட்டவணை எல்லாப் பட்டியலுக்கும் ஒன்றே. கேள்விக்கு ஒரு முறை போட்டால் முடிந்தது, 1.6 ஜிபி தேவையே இல்லை.

```python
index = faiss.index_factory(768, "OPQ96,IVF16384,PQ96",
                            faiss.METRIC_INNER_PRODUCT)
```

சுருக்கி விரித்த வெக்டரின் நீளம் சரியாக 1 இருக்காது என்பதால், குறியீட்டில் இரண்டு அளவையும் அப்படியே ஒரே வரிசை தராது. 200ஐ அசலோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதால் அந்த வேறுபாடு உங்களைப் பாதிக்காது.

---

நாகூர்_நைனா · புதன், காலை 8:20

இரண்டு வொர்க்கருக்கும் இன்டெக்ஸை ஒரு முறை மட்டும் ஏற்றிவிட்டுப் பிறகு ஃபோர்க் செய்தால் மெமரியைப் பகிர்ந்துகொள்ளும். கன்னிகார்னில் `--preload` கொடுத்தால் போதும்.

---

தறி_தேன்மொழி · புதன், காலை 9:05

அதில் கவனம் நைனா. தாய் ப்ராசஸில் ஃபைஸ் ஏற்கெனவே பல த்ரெட்டில் ஒரு வேலை செய்திருந்தால், ஃபோர்க் ஆன பிள்ளை முதல் தேடலிலேயே அசையாமல் நின்றுவிடும். எங்கள் சர்வரில் அப்படி நின்றது. `OMP_NUM_THREADS=1` வைத்த பிறகுதான் ஓடியது.

---

நாகூர்_நைனா · புதன், காலை 9:20

எனக்கு அப்படி வந்ததில்லை. ஒருவேளை தாயில் தேடல் எதையும் ஓட்டாததால் இருக்கலாம்.

---

வைகைக்கரையான் · வெள்ளி, இரவு 8:30

மறுபயிற்சி முடிந்தது. எல்லாவற்றிலிருந்தும் குலுக்கி 10 லட்சம், ஓ.பி.க்யூ., உள்பெருக்கம்.

மிகப் பெரிய பட்டியல் இப்போது 5,900. `imbalance_factor` 2.1. `err`: தீர்ப்பு 0.15, செய்தி 0.16, விவசாயம் 0.18. விவசாயத் தேடலும் 10 மில்லிசெகண்டுக்குள் வந்துவிட்டது. ப்ராசஸ் 1.2 ஜிபி, இரண்டு வொர்க்கரும் நிற்கின்றன, ஃபோர்க் பக்கமே போகவில்லை.

பத்துக்கு எத்தனை: விவசாயம் 7. டிஸ்கிலிருந்து 200ஐ மறுவரிசை செய்தால் 9க்கு மேல். "தென்னையில் வெள்ளை ஈ" கேட்டேன், முதல் நான்கும் தென்னை. பாலாறு, மனமார்ந்த நன்றி. தூக்கம் வந்தது.

ஒரு சந்தேகம். தீர்ப்பு 0.12லிருந்து 0.15க்குப் போய்விட்டது. ஏன் கெட்டது?

---

பாலாறு · வெள்ளி, இரவு 9:10

கெட்டது என்பதைவிட, முன்பு தீர்ப்புகளுக்குக் கிடைத்தது அவற்றின் பங்குக்கு மேல். 16,384 மையமும் 256 மாதிரியும் அவற்றுக்கு மட்டுமே வேலை செய்தன. இப்போது மூவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். மறுவரிசைக்குப் பிறகு தீர்ப்பு எத்தனை வருகிறது?

---

வைகைக்கரையான் · வெள்ளி, இரவு 9:14

9.6. குறையொன்றும் தெரியவில்லை.

---

நாகூர்_நைனா · வெள்ளி, இரவு 9:40

குலுக்கி எடுத்ததில் விவசாயம் 80,000தான் இருந்திருக்கும், தீர்ப்பு 6 லட்சம். வகைக்குச் சமமாக 3 லட்சம் எடுத்திருந்தால் விவசாயம் இன்னும் ஏறும். கேட்பவர்களில் பாதிப்பேர் விவசாயிகள் என்றால், பத்திகளின் விகிதத்தைவிடக் கேள்விகளின் விகிதத்தில் பயிற்சி கொடுப்பதுதான் நியாயம்.

---

பாலாறு · வெள்ளி, இரவு 10:00

கோட்புக்குக்கு அது சரியாக இருக்கலாம். பட்டியல் மையங்களுக்கு எனக்குத் தயக்கம். விவசாயத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மையம் போனால், 60 லட்சம் தீர்ப்புகள் மீதியில் நெருக்கியடித்துப் பட்டியல்கள் மறுபடி வீங்கும். இரண்டையும் தனித்தனித் தரவில் பயிற்றுவித்து நான் அளந்ததில்லை.

---

செந்தில்_சேலம் · சனி, காலை 7:30

முழுவதும் படித்தேன். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அசல் 15 ஜிபியை டிஸ்கில் வைத்தது மறுவரிசைக்கு மட்டும்தானா? இட நெருக்கடி வந்தால் அழித்துவிடலாமா?

---

பாலாறு · சனி, காலை 8:05

அழிக்கவே கூடாது சார். 96 பைட்டிலிருந்து அசல் திரும்ப வராது. கோட்புக்கை மாற்ற வேண்டிய நாள் வந்தால் அசலிலிருந்துதான் மறுபடி எழுத வேண்டும். இல்லையென்றால் 1 கோடி பத்தியையும் மாடலில் போட்டு எம்பெட்டிங்கை முதலிலிருந்து எடுக்க நேரும்.

---

வைகைக்கரையான் · சனி, காலை 8:40

அந்த நாள் சீக்கிரம் வரும்போல. அடுத்த மாதம் ஆங்கிலத்தில் 15 லட்சம் அரசுச் சுற்றறிக்கைப் பத்திகள் சேர்கின்றன. மாடல் இரண்டு மொழிக்கும் பழகியதுதான். சேர்ப்பதற்கு முன் 2,000 பத்தி எடுத்து `err` பார்த்தேன்: 0.31.

---

பாலாறு · சனி, காலை 9:00

நல்ல வேளை, சேர்ப்பதற்கு முன்பே பார்த்தீர்கள். அப்படியே `add` செய்திருந்தால் எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. அவற்றையும் குலுக்கலில் சேர்த்து மறுபயிற்சி செய்து, 1.15 கோடியையும் மறுபடி எழுதுவதுதான் என் தேர்வு.

---

நாகூர்_நைனா · சனி, காலை 9:25

சுற்றறிக்கைக்குத் தனி இன்டெக்ஸ் போடுங்கள். 15 லட்சம்தான், 4,096 பட்டியல் போதும். இரண்டிலிருந்தும் 200, 200 எடுத்து அசலோடு ஒப்பிட்டால் மதிப்பெண் ஒரே அளவுகோலில் வந்துவிடும், கலப்பதில் சிக்கலில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம்.

---

வைகைக்கரையான் · சனி, காலை 9:50

நைனா பாயின் வழியில் ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க் படிப்பு இரட்டிப்பாகும், பாலாற்றின் வழியில் லேப்டாப் ஒரு இரவு முழுக்க ஓடும். இன்று இரவு தனி இன்டெக்ஸைக் கட்டி, அதே 100 கேள்விகளோடு சுற்றறிக்கைக்கும் 100 சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன். எண்களை நாளை இங்கே போடுகிறேன்.